ஒரே மரம், ஒரே கிளை: பஹாய் திருநூல்களில் ஒரு வரியைத் தேடி மூலம் குறிப்பது எப்படி

செப்டம்பர் 16, மலேசியா தினத்துக்காகப் பள்ளி நடைவழியில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நன்னெறி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பச்சைநிற அட்டையை அனுப்பியிருந்தார். “நீங்கள் ஒரே மரத்தின் கனிகள், ஒரே கிளையின் இலைகள்” என்ற வரி, கீழே “அப்துல்-பஹா” என்ற பெயர். “அண்ணே, இது எந்தப் புத்தகத்துல இருக்கு? திருக்குறளுக்கு எண் போட்டிருக்கேன், புறநானூறு 192னு போட்டிருக்கேன், இதுக்கு மட்டும் வெறும் பேர் போட்டா நல்லா இருக்காது” என்றார்.

அவர் கேட்டது நியாயம். “யாதும் ஊரே” என்ற வரிக்கு 192 என்று எண் போட்டால், எந்தப் பதிப்பகத்தின் புறநானூறு கையில் இருந்தாலும் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிடலாம். பஹாய் எழுத்துகளுக்கும் அப்படி ஓர் ஒழுங்கு உண்டு. இந்த ஒரு வரியை அன்று மாலை நாங்கள் எப்படித் தேடினோம் என்பதை அப்படியே சொல்கிறேன். மனிதகுல ஒற்றுமை பற்றிய மற்ற வாசகங்களையும் இதே வழியில் தேடலாம்.

முதலில்: தமிழில் தேடாதீர்கள்

ஆசிரியை முதலில் அட்டையில் இருந்த தமிழ் வரியையே கூகளில் போட்டுப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி இன்னும் நாலைந்து அட்டைகள்தான் வந்தன. காரணம் இதுதான்: இந்த வரியை ஒருவர் ‘கனிகள்’ என்பார், இன்னொருவர் ‘பழங்கள்’ என்பார். ‘கிளை’ சில மொழிபெயர்ப்பில் ‘கொம்பு’ ஆகிவிடும். பஹாய் சமயத்தை நிறுவியவரும் இந்த வரியை எழுதியவருமான பஹாவுல்லாவின் பெயரையே பகாவுல்லா என்றும் எழுதுகிறார்கள். பஹாவுல்லா எழுதியது பாரசீகத்திலும் அரபியிலும். தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. அதனால் தமிழ் வரியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் தேடுவதுதான் நேர்வழி.

தேட வேண்டிய இடம், ஹைஃபாவில் உள்ள பஹாய் உலக மையத்தின் இணைய நூலகம்: bahai.org/library. இங்கே திருநூல்களின் ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பு முழுதாக இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. மேற்கோள்களை மட்டும் திரட்டி வைத்திருக்கும் தளங்களை முதலில் தொடாதீர்கள். அங்கே பெயர் மாறியிருந்தால் அந்தத் தவறும் உங்களோடு வந்துவிடும்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பஹாவுல்லாவின் முக்கியமான எழுத்துகள் பலவற்றை ஆங்கிலத்தில் தந்தவர், பஹாய் சமயத்தின் காவலராக இருந்த ஷோகி எஃபெண்டி. அவர் பழைய விவிலிய ஆங்கிலத்தின் நடையைத் தேர்ந்துகொண்டார். இன்று நாம் பேசும் ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. humanity என்று போடுவதைவிட mankind என்று போட்டால் அதிகம் கிடைக்கும். you are என்று போடாமல் ye are என்று போட வேண்டும். அதைவிடப் பாதுகாப்பானது, மொழிபெயர்ப்பில் மாறவே மாறாத ஒரு சின்னத் துண்டை மேற்கோள் குறிக்குள் போடுவது:

```
"fruits of one tree"
```

நாலு சொல் போதும். முழு வரியையும் போட்டால், ஓர் காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சில தேடுபொறிகள் கைவிட்டுவிடும்.

ஒன்றுக்கு மேல் கிடைக்கும், அங்கேதான் வேலை ஆரம்பம்

ஆசிரியைக்கு இங்கேதான் குழப்பம். ஒரே வரி பல நூல்களில் வந்து நின்றது. “எது ஒரிஜினல்?” என்றார். எல்லாமே ஒரிஜினல்தான். பஹாவுல்லா தாம் முன்பு எழுதியதைப் பின்னால் இன்னொருவருக்கு எழுதும்போது தாமே எடுத்துச் சொல்வது அவருடைய வழக்கம். அதனால் இந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் எந்த வரிகளோடு எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

எங்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டு இடங்கள். இரண்டும், ஷோகி எஃபெண்டி தொகுத்து மொழிபெயர்த்து 1935-இல் வெளியான Gleanings from the Writings of Bahá’u’lláh என்ற தொகுப்பில் இருக்கின்றன. நாங்கள் பேச்சில் அதைக் ‘கிளீனிங்ஸ்’ என்றே சொல்வோம். அதில் 166 பகுதிகள். தலைப்பு கிடையாது, எண் மட்டும்தான்.

112-ஆம் பகுதி, பல ஆண்டுகளாகப் பூமியை வாட்டும் குழப்பங்களைப் பாருங்கள் என்று தொடங்கி, வெளித்தோற்றத்திலும் உள்ளத்திலும் ஒன்றுபட்டவர்கள் என்று சொல்ல இருவரைக்கூடக் காண முடியவில்லையே என்ற வேதனைக்கு வருகிறது. அதற்கு அடுத்து வருவதை என் தமிழில் தருகிறேன்: “பேரிருப்பாகிய அவர் கூறுகிறார்: அன்புக்குரியவர்களே! ஒற்றுமையின் கூடாரம் எழுப்பப்பட்டுவிட்டது. ஒருவரையொருவர் அந்நியராகப் பார்க்காதீர்கள். நீங்கள் ஒரே மரத்தின் கனிகள், ஒரே கிளையின் இலைகள்.” அதற்குப் பின், நீதியின் ஒளி உலகின்மேல் வீசிக் கொடுங்கோன்மையிலிருந்து அதைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை வருகிறது. பேச்சு மன்னர்கள், ஆட்சியாளர்கள் பக்கம் திரும்புகிறது.

132-ஆம் பகுதி வேறு மாதிரி. மனிதரின் உள்ளே சுரங்கத்தில் கிடக்கும் மணிகளை வெளிக்கொணர்வதே இறைவனின் நோக்கம் என்று அது தொடங்கும். கொஞ்சம் கழித்து, இறைவனின் வாக்கு ஒரு விளக்கு, அதன் ஒளி இந்தச் சொற்களே என்று சொல்லி, மரமும் கிளையும் வருகின்றன. அதைத் தொடர்ந்து மிகுந்த அன்போடும் இணக்கத்தோடும் பழகுங்கள் என்ற அறிவுரை. அப்புறம் ஒற்றுமையின் ஒளி பூமி முழுவதையும் ஒளிரச் செய்யும் அளவுக்கு வலியது என்ற வரி. இந்தப் பத்திகள் பஹாவுல்லா தம் கடைசிக் காலத்தில் இஸ்ஃபஹானைச் சேர்ந்த ஒரு மதத்தலைவருக்கு எழுதிய ‘ஓநாயின் மகனுக்கு நிருபம்’ என்ற நூலிலும் உள்ளன. தமக்கும் தம்மவருக்கும் பெரும் கொடுமை செய்த குடும்பத்து மனிதருக்கு எழுதும்போதும் இதே மரத்தைத்தான் அவர் எடுத்துச் சொல்கிறார். இது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும் செய்தி.

பலகையில் இந்த வரி மட்டும் வரும் என்றால் எந்த எண்ணும் பொருந்தும். ‘அந்நியராகப் பார்க்காதீர்கள்’ என்பதும் வேண்டும் என்றால் 112 மட்டும்தான். ‘பூமி முழுவதும் ஒளிரும்’ என்பது வேண்டும் என்றால் 132. இரண்டையும் கலந்து ஒரே மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அந்த வாசகம் எந்த நூலிலும் இருக்காது. அட்டைகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. இடம் பத்தாவிட்டால் இரண்டாகப் பிரித்து, இரண்டு எண் போடுங்கள். நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டால் மூன்று புள்ளி வையுங்கள்.

ரோமன் எண்ணில் வழுக்கும் இடம்

அச்சுப் புத்தகத்தில் பகுதி எண் ரோமன் எழுத்தில் இருக்கும். 112 என்பது CXII. 132 என்பது CXXXII. நடுவில் CXXII, அதாவது 122 என்று ஒன்று இருக்கிறது. ஒரு X கூடினால் பத்து கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஃபோட்டோஸ்டேட் பண்ணிய பழைய தாளில் அது கண்ணுக்கே தெரியாது. போதாததற்கு 122-ஆம் பகுதியும் மனிதனை விலைமதிப்பற்ற மணிகள் நிறைந்த சுரங்கமாகப் பார் என்றுதான் சொல்லும். 132-ஐத் தேடிப் போனவர் 122-இல் சுரங்கத்தையும் மணியையும் பார்த்துவிட்டு, சரி இதுதான் என்று இருந்துவிடுவார். அதில் மரமும் இல்லை, கிளையும் இல்லை. அதனால் எண்ணைச் சரிபார்க்கும்போது உங்கள் வரியே அங்கே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பின்பு நீங்கள் எழுதும்போது 112 என்று எண்ணிலேயே எழுதுங்கள்.

பக்க எண்ணை நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பதிப்பு, இங்கிலாந்துப் பதிப்பு, சின்னக் கையடக்கப் பதிப்பு எல்லாவற்றிலும் பக்கம் வேறு. தமிழ் மொழிபெயர்ப்பில் அது இன்னும் வேறு. பகுதி எண் எல்லாப் பதிப்பிலும் ஒன்றேதான். பக்கத்தைப் போட்டே ஆக வேண்டும் என்றால் பதிப்பும் ஆண்டும் கூடவே வர வேண்டும்.

ஒரு படி ஆழமாக: தொகுப்புக்குப் பின்னால் உள்ள நிருபம்

பலகைக்கு இதுவரை போதும். ஆனால் கட்டுரை எழுதுபவர்கள் இன்னொரு படி போக வேண்டும். கிளீனிங்ஸ் ஒரு தொகுப்பு. எந்தப் பகுதி எந்த நிருபத்திலிருந்து எடுத்தது என்று அந்த நூலுக்குள் குறிப்பு இருக்காது. அதே ஆங்கில வரியைத் தேடும்போது கிடைக்கும் மற்ற நூல்கள்தான் துப்பு.

112-ஆம் பகுதியின் வரிகள் ‘லவ்ஹெ மக்ஸூத்’ என்ற நிருபத்தில் இருக்கின்றன. பஹாவுல்லாவின் சட்ட நூலான கித்தாபெ அக்தஸுக்குப் பிறகு எழுந்த நிருபங்களைத் திரட்டி உலக மையம் 1978-இல் வெளியிட்ட தொகுதியில் அது 11-வது. அதன் அடிக்குறிப்பைப் படிக்காமல் விட்டால் ஒரு சிக்கல் வரும். நிருபம் முழுவதும் பஹாவுல்லாவின் எழுத்தர் மீர்ஸா ஆகா ஜான் எழுதிய கடிதம்போல இருக்கும். அந்தக் காலத்தில் மரியாதை கருதி நம்பிக்கையாளர்கள் எழுத்தருக்குத்தான் கடிதம் எழுதுவார்கள். பதில் எழுத்தர் பெயரில் போகும். ஆனால் முழுவதையும் சொன்னவர் பஹாவுல்லா. ‘பேரிருப்பாகிய அவர் கூறுகிறார்’ என்று அயலார் பேசுவதுபோல வருவது இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு எழுத்தரின் பெயரை மூலமாகப் போட்டால் தவறு. பெயர் பஹாவுல்லாதான்.

இன்னும் பின்னால் போனால் இந்தியாவுக்கே வந்துவிடுவோம். மானிக்ஜி ஸாஹிப் என்ற இந்தியப் பார்சி, ஈரானில் இருந்த ஜொராஸ்ட்ரியர்களின் நலனைக் கவனிக்கத் தெஹ்ரானில் தங்கியிருந்தவர். அரபுச் சொல் கலக்காத தூய பாரசீகத்தில் தமக்குப் பதில் எழுதுமாறு அவர் பஹாவுல்லாவைக் கேட்டுக்கொண்டார். அந்த நிருபத்திலும் இந்தக் கூடாரமும் மரமும் இருக்கின்றன. 2006-இல் வெளியான ‘டேபர்நேக்கல் ஆஃப் யூனிட்டி’ என்ற தொகுதியில் முதலாவது அதுதான், தொகுதியின் பெயரே இந்த வரியிலிருந்து வந்தது. மூலத்தில் ஒற்றுமை ‘யெகானெகி’, அந்நியர் ‘பீகானெகான்’. ஒலியில் இரண்டும் அக்காள் தங்கைபோல. தூய பாரசீகச் சொற்களாக இருப்பதால்தான் இந்த ஓசை கூடிவந்திருக்கிறது. நம் தனித்தமிழ் எழுத்தை ரசிக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சரி, கட்டுரையில் எந்த மூலத்தைப் போடுவது? நீங்கள் எதை வாசித்து எடுத்தீர்களோ அதைப் போடுங்கள். கிளீனிங்ஸில் படித்துவிட்டு லவ்ஹெ மக்ஸூத் என்று போடக் கூடாது. வேண்டுமானால் முதலில் வாசித்த நூலும், பின்பு ‘இது லவ்ஹெ மக்ஸூதிலும் உள்ளது’ என்ற ஒரு வரியும் எழுதலாம்.

பெயர் சரிதானா?

இனி அந்த அட்டையில் இருந்த ‘அப்துல்-பஹா’. அந்தப் பெயர் வெறும் கற்பனையாக வந்திருக்காது என்று நினைக்கிறேன். பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா (1844–1921) 1911-இல் பாரீஸிலும் 1912-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பேசியபோது தந்தையின் இந்த வரியைப் பலமுறை எடுத்துச் சொன்னார். பேச்சைப் படித்தவர் சொன்னவரையே எழுதியவராக எடுத்துக்கொண்டிருப்பார். பேச்சுத் தொகுப்பில் ஒரு வரியைக் கண்டால் அதற்கு முன் ‘பஹாவுல்லா கூறினார்’ என்று இருக்கிறதா என்று இரண்டு வாக்கியம் மேலே போய்ப் பாருங்கள்.

பேச்சுகளுக்கு இன்னொரு வரையறையும் உண்டு. அவர் பாரசீகத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் சொல்ல, கேட்டவர்கள் எழுதிக்கொண்டது அது. நம்பகமான பாரசீக மூலம் இருக்கும் பேச்சுக்கே திருநூலின் நிலை. மூலம் இல்லாத பேச்சைப் போடலாம், ஆனால் ‘அப்துல்-பஹா எழுதினார்’ என்று போடாதீர்கள். ‘உரைக்குறிப்பு’ என்று போட்டு, ஊரும் தேதியும் சேருங்கள். அந்தத் தொகுப்புகளில் ஒவ்வொரு பேச்சுக்கும் அவை இருக்கும்.

இதைவிடவும் தள்ளி நிற்பது நேரில் கண்டவர் எழுதிவைத்த நினைவு. கேம்பிரிட்ஜ் அறிஞர் எட்வர்ட் ப்ரௌன் 1890-இல் அக்கா நகருக்கு அருகே பஹ்ஜியில் பஹாவுல்லாவைச் சந்தித்து, அவர் சொன்னதை 1891-இல் அச்சிட்டார். தன் நாட்டை நேசிப்பதில் ஒருவன் பெருமை கொள்ளாமல் தன் இனமாகிய மனிதரை நேசிப்பதில் பெருமை கொள்ளட்டும் என்ற வரி அதில் வருவது. லவ்ஹெ மக்ஸூதில், கிளீனிங்ஸ் 117-இல், ஏறக்குறைய இதே கருத்து பஹாவுல்லாவின் சொந்த எழுத்திலேயே இருக்கிறது. பூமி ஒரே நாடு, மனிதகுலமே அதன் குடிமக்கள் என்ற புகழ்பெற்ற வாக்கியமும் அங்கேதான். திருநூல் என்று போட வேண்டுமானால் 117-ஐ எடுங்கள். ப்ரௌனை எடுத்தால் ப்ரௌனின் பெயரும் கூடவே வர வேண்டும்.

மற்றொன்று, மனிதகுல ஒற்றுமை என்ற கொள்கையே பஹாவுல்லாவின் போதனைகள் எல்லாம் சுழலும் அச்சு என்ற வாசகம். எங்கள் மலேசியத் தமிழ் வெளியீடுகள் சிலவற்றில்கூட இதன்கீழ் பஹாவுல்லா என்று பார்த்திருக்கிறேன். இது ஷோகி எஃபெண்டி 1931 நவம்பர் 28-ஆம் தேதி எழுதிய கடிதத்தில் உள்ளது. ‘பஹாவுல்லாவின் போதனைகள்’ என்று வாக்கியமே வேறொருவரைச் சுட்டுவதிலேயே எழுதியவர் அவரல்ல என்று தெரிந்துவிடும். ஷோகி எஃபெண்டியின் விளக்கத்துக்கு பஹாய்களிடம் முழு அதிகாரம் உண்டு. ஆனாலும் அதைத் திருநூல் என்று சொல்வதில்லை.

எண்ணே இரண்டாக இருந்தால்

ஆசிரியை கிளம்பும் முன் இன்னொரு வாசகமும் கேட்டார்: உங்கள் எல்லாரையும் ஒரே மண்ணிலிருந்து ஏன் படைத்தோம் தெரியுமா, ஒருவர் இன்னொருவர்மேல் தம்மை உயர்த்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே என்பது. இது பஹாவுல்லாவின் மறைமொழிகள் நூலில், எண் 68. ஆனால் அந்தச் சின்ன நூலில் அரபுப் பகுதி 71 வாசகம், பாரசீகப் பகுதி 82 வாசகம். இரண்டும் 1-இலிருந்து எண்ணப்படும். ஆக 68 இரண்டு இருக்கிறது. பாரசீக 68-ம் மண்ணிலிருந்து முளைத்த புல்லை விளித்துப் பேசுவதால், மண்ணைக் கண்டதும் மனம் ஏமாந்துவிடும். ஆகவே ‘மறைமொழிகள், அரபு 68’ என்று எழுதினால்தான் முடிந்தது. அரபு என்ற ஒரு சொல்லை விட்டால் பாதிப்பேர் தவறான பக்கத்தில் நிற்பார்கள்.

தமிழில் எழுதும் வரிசை

நான் எழுதும் வரிசை இது: வெளிப்படுத்தியவர் பெயர், நூல், பகுதி எண், நீளமான பகுதியாக இருந்தால் பத்தி எண், கடைசியில் தமிழ் யாருடையது என்பது. இணையக் கட்டுரை என்றால் உலக மைய நூலகத்தில் அந்தப் பத்திக்கென்றே இருக்கும் சுருக்க முகவரியையும் சேர்க்கலாம். bahai.org/r/ என்று தொடங்கும் அது, தேடல் பக்கத்தின் நீண்ட முகவரியைவிட நிலையானது.

கடைசிப் பகுதியை மக்கள் விட்டுவிடுகிறார்கள். அச்சில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் அதன் தலைப்பையும் பதிப்பையும் போட்டு, ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுங்கள். ‘கனி’ என்று இருப்பதைப் பிள்ளைகளுக்குப் புரியட்டுமே என்று ‘பழம்’ ஆக்கக் கூடாது. நீங்களே தமிழாக்கினால் ‘ஆங்கிலம் வழி என் தமிழாக்கம்’ என்று போடுங்கள். அப்படிப் போட்டால் அடுத்தவர் உங்கள் வரியை ஏற்கப்பட்ட மொழிபெயர்ப்பு என்று எண்ணிப் பரப்பமாட்டார்.

மறுநாள் பலகையில் திருக்குறள் 972-க்கும் புறநானூறு 192-க்கும் பக்கத்தில் ஆசிரியை கையால் எழுதி ஒட்டிய துண்டு இப்படி இருந்தது:

நீங்கள் ஒரே மரத்தின் கனிகள், ஒரே கிளையின் இலைகள்.
பஹாவுல்லா, கிளீனிங்ஸ், பகுதி 112. ஆங்கிலம் வழி தமிழாக்கம்.

மதியம் அவர் படம் அனுப்பியபோது, நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த 112-ஐ விரலால் தொட்டு, “டீச்சர், அப்ப 111-ல என்ன இருக்கு?” என்று கேட்டதாக எழுதியிருந்தார். 111, தங்களுக்குள் சண்டையிடும் மக்களே, ஒற்றுமையை நோக்கி முகம் திருப்புங்கள் என்று தொடங்குகிறது. அதையும் உடனே அனுப்பிவைத்தேன்.